பொதிக் கழுதையின் முதுகுப் புண்

பொதி சுமக்கும் கழுதையின் முதுகில் புண் வந்துவிட்டால் நம் ஊர்களில் முதலில் தேடுவது மருந்தைத்தான். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசுவார்கள். சிலர் லாரியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுவார்கள். நாலைந்து நாளில் புண் காய்ந்த மாதிரி தெரியும். மறுபடி பொதி ஏறும். அடுத்த வாரம் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, ஈ மொய்க்கும் புண் ஒன்று இருக்கும். மருந்து சரியில்லை என்று இன்னொரு மருந்துக்கு ஓடுவார்கள்.

மருந்தின் மேல் குற்றமில்லை. புண் தோலில் இருக்கிறது, அதை உண்டாக்கியது வேறெங்கோ இருக்கிறது. பொதி மெத்தையில் இருக்கலாம், கட்டிய கயிற்றில் இருக்கலாம், கழுதை தின்னும் தீனியில் இருக்கலாம், அதன் குளம்பில்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து நீக்கும்வரை எந்தக் களிம்பும் நிலைக்காது.

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் அது 1.2 லட்சமாகக் குறைந்துவிட்டது. துணி வெளுக்கும் துறைகளில் அவை கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. மிச்சமிருப்பவை பெரும்பாலும் செங்கல் சூளையிலும், கட்டட வேலையிலும், வண்டி ஏறாத மலையூர்களிலும் உழைக்கின்றன. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய படங்களைப் பலரும் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். கழுதைகள் குறைந்ததோடு பொதி மெத்தை தைக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. இன்று பல கழுதைகளின் முதுகில் கிடப்பது மடித்த சாக்கு ஒன்றுதான். புண்ணின் கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

புண் எப்படி உண்டாகிறது

கழுதையின் நடுமுதுகில் தண்டெலும்பின் முனைகள் வரிசையாக மேடிட்டு நிற்கும். எலும்புக்கும் தோலுக்கும் இடையே அங்கே சதை மிகக் குறைவு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டிலும் அப்படித்தான். அந்த இடத்தில் சுமை நேராக உட்கார்ந்தால், எலும்புக்கும் சுமைக்கும் நடுவே தோல் நசுங்கும். நசுங்கிய தோலுக்குள் ரத்தம் ஓடாது. மணிக்கணக்கில் ரத்தம் போகாத சதை செத்துப்போகும். அதுவும் ஆழத்தில் உள்ள சதை முதலில் சாகும், மேல்தோல் கடைசியில்தான். அதனால் புண் கண்ணுக்குத் தெரியும் நாளுக்குப் பல நாள் முன்பே சேதம் நடந்து முடிந்திருக்கும்.

உராய்வில் வரும் புண் வேறு. பட்டையோ கயிறோ நடக்கும்போது முன்னும் பின்னும் இழுபட்டு, வியர்வையும் மணலும் சேர்ந்து, முடியைத் தேய்த்துத் தோலை உரித்துவிடும். இது மேலோட்டமானது, சீக்கிரம் ஆறும். நசுங்கி வந்த புண் அப்படியில்லை. அதன் நடுவே தோல் காய்ந்து, கறுத்து, கெட்டியான வில்லையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் சீழ் கோத்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உரிந்த புண் என்றால் ஏதோ நகர்கிறது, நசுங்கிய புண் என்றால் ஏதோ அழுத்துகிறது.

புண் வருமுன் எச்சரிக்கைகள் உண்டு. பொதியையும் மெத்தையையும் இறக்கியவுடன் முதுகைப் பார்க்க வேண்டும். நன்றாக நடந்து வந்த கழுதைக்கு மெத்தை பட்ட இடமெல்லாம் ஒரே சீராக வியர்த்திருக்கும். நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால், அங்கே அழுத்தம் மிஞ்சிவிட்டது, வியர்வைச் சுரப்பிகூட வேலை செய்யவில்லை என்று பொருள். அரை மணி கழித்து அதே இடத்தைத் தடவினால் வீங்கிச் சூடாக இருக்கலாம். விரலால் அழுத்தினால் கழுதை முதுகைத் தாழ்த்தும், அல்லது தோலைச் சிலிர்க்கும். சாம்பல் நிறக் கழுதையின் முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால், அவை முன்பு எப்போதோ அழுத்தத்தில் முடிவேர் கெட்ட இடங்கள். வாங்கப் போகும் கழுதையில் இதைக் கண்டால், அதன் பழைய சேணம் எங்கே இடித்தது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு கழுதை, ஒரு புண்

மலையடிவாரத்தில் பொதி ஏற்றும் இளைஞர் ஒருவரின் பெண் கழுதைக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஏழெட்டு வயது இருக்கும். தோள் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புண். அவர் இரண்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கழுதை ஓட்டிய அவருடைய பெரியப்பா வந்தார். புண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெத்தையைக் கேட்டார்.

"மருந்து இருக்கட்டும்டா. மெத்தையக் கவுத்துப் போடு."

"மெத்த நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, போன பொங்கலுக்குத் தைச்சது."

மெத்தையின் அடிப்பக்கத்தை இடது உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். இடப்பக்கத்து முன்முனையில் கை நின்றது. உள்ளே வைக்கோல் நனைந்து காய்ந்து முடிச்சாகத் திரண்டிருந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கையில் கோலிக்குண்டு மாதிரி நெருடியது. புண் இருந்த இடமும் அந்த முடிச்சும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன.

அதோடு அவர் விடவில்லை. பொதியில்லாமல் கழுதையை எதிரே நடத்திவரச் சொன்னார். வலது முன்காலை அது சீக்கிரம் சீக்கிரமாக எடுத்தது, இடது காலில் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தியது. வலது குளம்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நடுவே உள்ள முக்கோணச் சதையின் பிளவில் கறுப்பாகக் கசிந்து நாறியது. மண்ணும் சாணியும் அடைத்து அழுகத் தொடங்கியிருந்தது. வலது கால் வலிப்பதால் எடையை இடது பக்கம் போட்டு நடந்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பொதி இடப்பக்கம் சாய்ந்து, அந்த முடிச்சை முதுகில் குத்தியிருக்கிறது. விலாவிலும் முதுகெலும்பிலும் கைவைத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகத் தட்டுப்பட்டது. கோடையில் மேய்ச்சல் இல்லாமல் இளைத்துப்போயிருந்தது. இளைத்த உடம்பில் எலும்பை மூடும் சதையும் கரைந்துவிடும்.

ஒரு புண்ணுக்குப் பின்னால் மெத்தை, குளம்பு, தீனி என்று மூன்று இருந்தன. மூன்றில் எதை விட்டிருந்தாலும் புண் திரும்பியிருக்கும்.

மெத்தையும் பொதியும்

நல்ல பொதி மெத்தையின் விதி ஒன்றே ஒன்று. முதுகெலும்பை எதுவும் தொடக்கூடாது. மெத்தை என்பது ஒரு துண்டல்ல, இரண்டு நீண்ட திண்டுகள். முதுகெலும்புக்கு இருபுறமும் சதைப்பற்றான விலாவின் மேல் ஒவ்வொன்று கிடக்க வேண்டும். நடுவே நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி. இரண்டையும் முன்னும் பின்னும் இரண்டு துணிப்பட்டைகளால் இணைத்திருப்பார்கள். அந்தப் பட்டையும் எலும்பின் மேல் உரசாமல் வளைந்து மேலே நிற்க வேண்டும். மெத்தை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தொடங்கி, கடைசி விலாவோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் இடுப்பில் தாங்க எலும்புக்கூடு கிடையாது. அங்கே சுமை போகக்கூடாது.

உள்ளே அடைக்க நீளமான வைக்கோலைத் திணிப்பது நல்லது. துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் ஓரிடத்தில் திரண்டுவிடும். பஞ்சு சீக்கிரம் அமுங்கிப்போகும். சுமை ஏறிய பிறகும் திண்டு நாலு விரல் கனமாவது நிற்க வேண்டும். தோலில் படும் பக்கம் பழைய பருத்தித் துணி இருக்கட்டும். சிமெண்ட் பை, உரச்சாக்கு போன்ற பிளாஸ்டிக் நெசவு வியர்வையை உறிஞ்சாது, சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். மாலையில் மெத்தையைக் கவிழ்த்து வெயிலில் போட்டு, காய்ந்த பின் தட்டி, கையால் அழுத்தி, முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? பொதி ஏற்றியபின் கழுதைக்குப் பின்னால் நின்று குனிந்து பார்க்க வேண்டும். முதுகெலும்புக்கு மேலே மெத்தையின் நடு இடைவெளி வழியாக எதிர்ப்பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் திண்டு அமுங்கிவிட்டது, உள்ளே வைக்கோல் சேர்க்க வேண்டும்.

புண் வந்த இடத்துக்கு நேராக மெத்தையில் குழிவெட்டி ஓட்டை போடும் பழக்கம் ஒன்று பரவலாக உண்டு. புண்ணில் எதுவும் படாது என்ற நல்ல எண்ணத்தில் செய்வது. ஆனால் அந்த ஓட்டையின் விளிம்பு முழுச் சுமையையும் வாங்கிக்கொண்டு புண்ணைச் சுற்றி வட்டமாக அழுத்தும். புண்ணுக்கு ரத்தம் வரும் வழியே அடைபடும். ஓட்டை போட்ட மெத்தையின் கீழே புண் பெரிதாகத்தான் ஆகும்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை முன்காலின் முட்டிக்கு நாலு விரல் பின்னால் போக வேண்டும். முட்டியோடு ஒட்டினால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் அங்கே உரசும். கட்டியபின் பட்டைக்கும் விலாவுக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது தோலை அறுக்கும். நாலு விரல் அகலத்தில் பருத்திப் பட்டை போதும். மலைப்பாதைக்கு இன்னும் இரண்டு பட்டை தேவை. ஏறும்போது பொதி பின்னால் நழுவாமல் நெஞ்சுப்பட்டையும், இறங்கும்போது தோள் மேட்டில் வந்து இடிக்காமல் தொடைக்குப் பின்னால் சுற்றும் பட்டையும் பிடிக்க வேண்டும். வாலுக்கு அடியில் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோல் மிக மெல்லியது. அங்கே வரும் புண் வால் அசையும்போதெல்லாம் பிளந்துகொண்டே இருக்கும்.

சுமையின் அளவை 1965-ஆம் ஆண்டு இழுவை, பொதி விலங்குகளுக்கான மத்திய விதிகள் சொல்லிவிட்டன. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவிடாமல் 5 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. நம் ஊர்க் கழுதை சிறியது. நூறு, நூற்றுப்பத்து கிலோ எடையிருக்கும் உடம்பின் மேல் 50 கிலோ என்பது உச்சம். தினமும் அதைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

நடைமுறையில் விதி எங்கே மீறப்படுகிறது என்று பார்த்தால், முழு சிமெண்ட் மூட்டையில்தான். ஒரு மூட்டை 50 கிலோ. எடையில் விதிக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரே மூட்டையை முதுகின் குறுக்கே போட்டால் அத்தனை எடையும் முதுகெலும்பின் மேல் உட்காரும். இரண்டு சாக்கில் 25 கிலோ வீதம் பிரித்து இருபுறமும் தொங்கவிட்டால் அதே எடை விலாவில் பரவும். மணலிலும் ஏமாற்றம் உண்டு. 15 லிட்டர் வாளி நிறையக் காய்ந்த மணல் சுமார் 24 கிலோ. அதே வாளியில் ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல் 28 கிலோவைத் தாண்டும். பக்கத்துக்கு ஒரு வாளி என்று கணக்குப் பண்ணுபவர், மழைக்குப் பிறகு வாளியைக் குறைத்து நிரப்ப வேண்டும். இருபக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து ஏற்றுவது அதைவிட முக்கியம். ஒருபக்கம் சாய்ந்த 30 கிலோ, சமமான 50 கிலோவைவிடக் கெடுதல் செய்யும்.

குளம்பு

கழுதையின் குளம்பு குதிரையின் குளம்பைவிடக் குறுகலானது, செங்குத்தானது. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் பிறந்த மிருகம் அது. கல்லும் வெயிலும் அதற்குப் பழக்கம். ஈரம்தான் ஆகாது. அதன் குளம்பு தண்ணீரை எளிதில் உறிஞ்சி மென்மையாகிவிடும். சாணியும் மூத்திரமும் தேங்கிய கொட்டகையில் இரவெல்லாம் நிற்கும் கழுதைக்கு, அடியில் உள்ள முக்கோணச் சதை அழுகும். குளம்பின் சுவருக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள வெள்ளைக் கோடு பிளந்து மண் ஏறும்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. கல்லில் நடந்து தேயாத கழுதைக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் முனை நீண்டு மேலே வளைந்து, கழுதை குதிகாலில் நிற்கும். அதன் நரம்புகள் இழுபட்டுப்போகும். நீண்டுபோன குளம்பை ஒரே நாளில் ஒட்ட வெட்டுவது ஆபத்து. உயிர்ச்சதையில் கத்தி பட்டுவிடும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இதைக் குதிரை லாடம் கட்டுபவரிடம் ஒப்படைத்தால், கழுதைக் குளம்பைக் குதிரைக் குளம்பு மாதிரி சாய்வாகச் சீவிவிடாமல் அதன் செங்குத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும் நான்கு காலையும் தூக்கி, முனை மழுங்கிய கம்பியாலோ குச்சியாலோ குதிகாலிலிருந்து முனையை நோக்கி மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நாற்றம் வந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, உலர்ந்த இடத்தில் கட்டினாலே பெரும்பாலும் சரியாகும். நேற்று நன்றாக நடந்த கழுதை இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்தால், குளம்பும் தொட்டால் சுட்டால், உள்ளே சீழ் கட்டியிருக்கும். அதைத் திறந்துவிட கால்நடை மருத்துவர் வேண்டும்.

மேய விடும்போது முன்கால்கள் இரண்டையும் தளையால் பிணைப்பது நம் வழக்கம். அதுவும் கயிறாக இருந்தால் குளம்புக்கு மேலே வட்டமாக அறுத்துவிடும். அகலமான துணிப்பட்டையும், ஒரு அடி எடுத்து வைக்க இடம் தரும் நீளமும் இருந்தால் தளை இருந்தும் புண் இருக்காது. நீண்ட கயிற்றில் முளையடித்துக் கட்டுவது இதைவிட நல்லது.

தீனி

இளைத்த கழுதைக்குத்தான் புண் வரும் என்றேன். அதற்காகக் கழுதைக்கு மாட்டுத் தீவனத்தை அள்ளிக் கொட்டக்கூடாது. கழுதைக்கு நாரும் தாளும் தான் உணவு. கேழ்வரகுத் தாள், சோளத்தட்டை, கம்பந்தட்டை, வைக்கோல், காய்ந்த புல் இவற்றில் நூற்றுப்பத்து கிலோ கழுதைக்கு நாளொன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோ போதும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும் வயிறு அது. ஒரே வேளையில் போட்டுவிட்டு மற்ற நேரம் பட்டினி போடாமல், இரவு முழுக்கத் தாள் கிடக்கும்படி பார்க்க வேண்டும்.

கடும் வேலை செய்யும், எலும்பு தெரியும் கழுதைக்கு மட்டும் கால் கிலோ அளவில் ஊறவைத்த கொள்ளையோ உடைத்த சோளத்தையோ இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வேலை முடிந்து மூச்சு அடங்கிய பிறகு கொடுக்க வேண்டும். புதுத் தீனியை ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தவிடு மலிவு என்று அதையே நம்பினால் எலும்பு கெடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். நக்கக் கல்லுப்புக் கட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

நல்ல தீனி போட்டும் கழுதை தேறவில்லை என்றால் வாயைப் பாருங்கள். பாதி மென்ற தாள் உருண்டையாகக் கீழே விழுந்து கிடந்தால் கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கிறது என்று அர்த்தம். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரைக் கொண்டு பல்லை அரத்தால் தேய்த்துவிட்டால் தின்பது உடம்பில் ஒட்டும். தெருவில் குப்பை தின்று வளரும் கழுதையின் வயிற்றில் பாலிதீன் சேர்ந்து குடலை அடைக்கும். அதை மருந்தால் வெளியேற்ற முடியாது.

தண்ணீர் விஷயத்தில் கழுதை ஏமாற்றும். தாகத்தைத் தாங்கும், அதனால் தாகமில்லை என்று நாம் நினைத்துவிடுவோம். வெயிலில் உழைக்கும் கழுதைக்கு நாளுக்கு 15 லிட்டருக்கு மேலேயே தேவைப்படும். அழுக்குத் தண்ணீரைத் தொடாது. தோலைக் கிள்ளிப் பார்த்துத் தாகத்தை அறியலாம் என்ற நம்பிக்கையைக் கழுதையிடம் நம்ப முடியாது. சுத்தமான வாளியை முன்னால் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கழுதை ஒருநாள் தின்னவில்லை என்றால் அது சாதாரணம் அல்ல. கொழுத்த கழுதையும் சினைக் கழுதையும் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைத் தாக்கும். அதிலிருந்து பிழைப்பது கடினம். நோவு, பயணம், ஏன், கூடவே இருந்த துணைக் கழுதையைப் பிரித்ததுகூட அதைத் தின்னாமல் ஆக்கிவிடும். கழுதை வலியைக் காட்டாது. தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்பதே அது கொடுக்கும் பெரிய அடையாளம். அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

புண்ணை ஆற்றுதல்

முதல் மருந்து ஓய்வு. புண்ணின் மேல் பொதி ஏறாமல் இருக்க வேண்டும். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். நாளுக்கு இருமுறை போதும். கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் புதிதாக முளைக்கும் சதையும் வெந்துபோகும். பழைய ஆயில், மண்ணெண்ணெய், சூடு போடுதல் மூன்றும் புண்ணை ஆழமாக்குமே தவிர ஆற்றாது. வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் விடாமல் அதைச் சுற்றியுள்ள தோலில் தடவினால் ஈ வராது. கறுத்த வில்லையாக ஒட்டியிருக்கும் செத்த தோலைப் பிய்க்கக்கூடாது, மருத்துவரே அறுத்தெடுக்க வேண்டும். தோள் மேட்டில் துளை விழுந்து சீழ் வடிந்தால் அது எலும்பு வரை போயிருக்கலாம், காத்திருக்கக்கூடாது.

கழுதைக்கும் குதிரைக்கும் எந்தப் புண்ணும் ரணஜன்னிக்கு வழி. உடம்பு விறைத்து, காது நிமிர்ந்து, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு ஒன்று விழியை மூடத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. தடுப்பூசி மலிவானது. பொதி ஏற்றும் எந்த மிருகத்துக்கும் அது இருக்க வேண்டும்.

அந்தப் பெண் கழுதை தேற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. புண் மூடியதும் பொதி ஏற்ற அந்த இளைஞர் துடித்தார். மூடிய தோல் வேறு, முடி முளைத்த தோல் வேறு என்று சொல்லிப் பெரியப்பா விடவில்லை. அவர் சொன்னது சரி. புதுத் தோல் முடி மூடும்வரை மெலிந்துதான் இருக்கும். அதுவரை அது வெறும் முதுகோடு மற்றக் கழுதைகளின் கூடவே மலை ஏறி இறங்கியது.

வண்டிக் குதிரைக்கு முதுகைவிட நெஞ்சும் தோளும் முக்கியம். பழநி ஜட்கா போன்ற இரு சக்கர வண்டியில் இழுக்கும் பட்டை தொண்டைக் குழிக்குக் கீழேயும் தோள் மூட்டுக்கு மேலேயும் இருக்க வேண்டும். உயர்ந்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும், தாழ்ந்தால் மூட்டில் அறுக்கும். ஆள் ஏறிய பிறகு வண்டியின் ஏர்க்கால் இரண்டும் ஒரு கையால் தூக்கும் அளவுக்கு லேசாக நிற்க வேண்டும். கனத்து முதுகில் அழுத்தினாலும் மேலே எழும்பி வயிற்றுப்பட்டையை இழுத்தாலும் பயணிகளை முன்னும் பின்னும் நகர்த்தி உட்கார வைக்க வேண்டியதுதான்.

புண் உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் சாலையில் அப்படி ஒரு கழுதையைப் பார்த்தால் ஓட்டுபவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அன்றைய கூலி போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகலாம். 1962 என்ற எண்ணை அவருக்குச் சொல்லுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் இடத்துக்கே வரும். செங்கலும் சிமெண்டும் ஏற்றச் சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். 50 கிலோ மூட்டையை இரண்டாகப் பிரித்துக் கட்டிக் கொடுங்கள். புண் ஆறும்வரை ஓய்வெடுக்கும் கழுதைக்கும் பாதிக் கூலி கொடுங்கள்.